ஒரே வரிசையில் மூன்று கால்குலேட்டர்: கடையில் எதை, எத்தனை வைப்பது?

[காட்சி: கடை மேசை. எண்கள் தேய்ந்துபோன ஒரு பழைய கால்குலேட்டர்.]

"அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு வேணும்." தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரிப் பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவருக்குப் பழகிய பேச்சு இது. அக்காவோ அண்ணனோ வைத்திருந்த பழைய கேசியோவைக் காட்டித்தான் கேட்பார்கள். கையில் இருப்பது எந்த மாடல் என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை.

பெயர் திரைக்கு மேலே அச்சிட்டிருக்கும். தேய்ந்திருந்தால் MODE பட்டனை அழுத்துங்கள். எட்டு பெயர்கள் கொண்ட பட்டியல் வந்து, அதில் MATRIX, VECTOR இரண்டும் இருந்தால், மேலே சோலார் பட்டையும் இருந்தால், அது fx-991ES PLUS என்று வைத்துக்கொள்ளலாம். COMP, STAT, TABLE என்று மூன்றே வந்தால் அது fx-82ES PLUS. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் பொறியியல் மாணவருக்குத் தேவையான மேட்ரிக்ஸ் அதில் கிடையாது. இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் மறுநாளே திரும்பி வரும்.

[காட்சி: மூன்று மாடல்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

நம் கையில் இருப்பது fx-991ES PLUS. இதோடு ஒப்பிட, விலை குறைந்த fx-991MS, விலை கூடிய fx-991CW.

பெட்டியில் MS-க்கு 401 பங்ஷன், ES PLUS-க்கு 417 என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 3×3 மேட்ரிக்ஸ், மூன்று அறியாக் கணியங்கள் கொண்ட சமன்பாடு, தொகையீடு, கலப்பெண் எல்லாமே இரண்டிலும் உண்டு. வித்தியாசம் திரையில்தான் இருக்கிறது.

x² − 2x − 2 = 0 என்பதைப் போட்டுப் பார்ப்போம். ES PLUS-இல் MODE, 5, 3 அழுத்தி, 1, −2, −2 என்று கொடுத்தால் விடை 1+√3 என்றும் 1−√3 என்றும் புத்தகத்தில் உள்ளபடியே வரும். MS-இல் 2.732, −0.732 என்று தசமத்தில் மட்டும் வரும். MS-இல் பின்னத்தையும் ஒரே வரியில்தான் தட்ட வேண்டும். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டால் விடை தவறிவிடும். தவறு எங்கே என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். முதலாண்டு மாணவருக்கு ES PLUS பிடிப்பது இதனால்தான்.

CW வேறு ரகம். நான்கு அறியாக் கணியங்கள் வரை, 4×4 மேட்ரிக்ஸ் வரை போகும். நான்கு லூப் உள்ள மின்சுற்றுக் கணக்கு போடுகிறவருக்கு அது நல்ல உதவி. ஆனால் பட்டன் அமைப்பே மாறிவிட்டது. ES PLUS-இல் S⇔D செய்யும் வேலைக்கு இதில் FORMAT. சீனியர் சொல்லிக்கொடுத்த பட்டன் வரிசை எதுவும் இதில் செல்லாது. போதாததற்குத் திரையில் QR குறியீடு காட்டும் வசதியும் இருக்கிறது. தேர்வு அறையில் இதை அனுமதிப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறலாம். உங்கள் கடையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் தேர்வுப் பிரிவில் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகு வாங்கிப் போடுங்கள்.

[காட்சி: ஆர்டர் சீட்டு.]

கல்லூரி திறக்கும் சமயத்தில் 12 எண்ணம் எடுக்கும் சிறிய கடை என்றால் எங்கள் கணக்கு இது: ES PLUS 8, MS 3, CW 1. MS எதற்கு? விலை பார்க்கிற பெற்றோருக்கும், வீட்டில் ஏற்கெனவே MS ஓட்டிப் பழகியவருக்கும். CW-இல் ஒன்றுக்கு மேல் வைத்தால் பணம் கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும். அது விற்ற பிறகு அடுத்ததை வரவழைத்தால் போதும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் இன்னொரு சுற்று விற்பனை வரும். ES PLUS மூன்றாகக் குறைந்ததுமே மறு ஆர்டர் போட்டுவிடுங்கள்.

[காட்சி: திரையில் −0.988.]

"விடை தப்பா வருது" என்று ஒருவர் கொண்டுவருவார். sin 30 தட்டிப் பாருங்கள். 0.5 அல்லது 1/2 வராமல் −0.988 வந்தால் பொருளில் பழுது இல்லை. அது ரேடியனில் நிற்கிறது, திரையின் மேலே R என்று சின்னதாகத் தெரியும். ES PLUS-இல் SHIFT, 9, 3, =, AC அழுத்தினால் எல்லாம் ஆரம்ப நிலைக்கு வந்து டிகிரிக்கு மாறிவிடும். சேமித்து வைத்த மதிப்புகளும் அழிந்துபோகும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிச்சத்தில் நன்றாக ஓடி, நிழலில் எழுத்து மங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் LR44 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. இந்த மூன்று மாடலுக்கும் அதே செல்தான். ஒரு அட்டை வாங்கித் தொங்கவிட்டு, சின்ன ஸ்டார் ஸ்குரூடிரைவர் ஒன்றையும் மேசையில் வைத்திருங்கள்.