ஆடிட்டருக்கு அனுப்பும் மெயிலில் எதையெல்லாம் எழுதக் கூடாது

வணக்கம் மக்களே. வருமான வரி தாக்கல் செய்யும் சீசன் வந்தாலே நம்ம ஊரில் லட்சக்கணக்கான பேர் ஒரே மாதிரி மெயில் ஒன்றை அனுப்புகிறார்கள். அந்த ஒரு மெயிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மெயில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்கே பழக்கமானதாகத்தான் இருக்கும். "சார், போர்ட்டல் பாஸ்வேர்டு இதுதான். ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் இணைத்திருக்கிறேன். போன வருஷம் உங்கள் ஜூனியர் பையன் 80சி-யைத் தப்பாகப் போட்டுவிட்டார், அவருக்கு இந்த வேலையே தெரியவில்லை, இந்த முறை அவரிடம் கொடுக்காதீர்கள்." நாலு வரிதான். ஆனால் மெயிலில் போகவே கூடாத மூன்று விஷயங்களும் அதில் இருக்கின்றன: பாஸ்வேர்டு, அடையாள ஆவணம், ஒரு மனிதரைப் பற்றிய குறை.

முதலில் இந்த மெயில் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். உங்கள் சென்ட் ஃபோல்டரில் ஒன்று, ஆடிட்டர் இன்பாக்ஸில் ஒன்று, அவர் போனில் ஒன்று. பெரும்பாலான சின்ன ஆபீஸ்களில் பொதுவாக ஒரே மெயில் ஐடிதான், அதை மூன்று நாலு பேர் திறப்பார்கள், ஆகவே ஜூனியர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஆதார் இன்னொன்று. வழியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி மெயில் கம்பெனிகள் மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன, அது உண்மை. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இன்பாக்ஸுக்குள் நுழைகிற எவரும் அதைச் சாதாரணமாகப் படிக்கலாம். இரண்டு வருஷம் கழித்து அந்த ஆபீஸ் மெயிலை யாராவது கைப்பற்றினால், தேடும் பெட்டியில் password என்று அடித்தாலே போதும், எல்லா வாடிக்கையாளர்களுடையதும் வரிசையாக வந்து நிற்கும்.

"அனுப்பிவிட்டு டெலீட் செய்துவிடுவேன்" என்று சொல்வார்கள். நீங்கள் அழிப்பது உங்கள் பக்கத்தில் இருக்கும் பிரதியை மட்டும்தான். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடி, அதற்கு மேல் வழியில்லை. கான்ஃபிடென்ஷியல் மோடு இருக்கிறதே என்றால், அது ஃபார்வர்டையும் டவுன்லோடையும் தடுக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்காது.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். என் கருத்து என்னவென்றால், பாஸ்வேர்டை எந்த வழியில் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வரி தாக்கலுக்கு அது அவசியமே இல்லை. போர்ட்டலில் நீங்களே லாகின் செய்து, ஏற்கெனவே நிரப்பப்பட்ட விவரங்கள் அடங்கிய ஜேசன் ஃபைலை இறக்கி ஆடிட்டரிடம் கொடுக்கலாம். அவர் தன் கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் யுட்டிலிட்டியில் கணக்கைப் போட்டு, முடிந்த ஜேசனைத் திருப்பித் தருவார். நீங்கள் அதைப் பதிவேற்றி, ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்தால் முடிந்தது. தாக்கல் செய்து 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆடிட்டர் இ-ரிட்டர்ன் இடைத்தரகராக, அதாவது மற்றவர்களுக்காகத் தாக்கல் செய்து கொடுப்பவராக, வருமான வரித்துறையில் பதிவு செய்தவர் என்றால் இன்னும் சுலபம், அவர் தன் கணக்கிலிருந்தே உங்களை வாடிக்கையாளராகச் சேர்ப்பார், ஒப்புதலுக்கான ஓடிபி உங்கள் போனுக்கு வரும்.

இதெல்லாம் முடியாது, பாஸ்வேர்டு வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால்? போனில் கூப்பிட்டு வாயால் சொல்லுங்கள், தாக்கல் முடிந்த அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை உங்கள் மெயிலுக்கும் பேங்குக்கும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது ஆதார். இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே, பயம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன? உங்கள் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். அதே மெயிலில் பான் கார்டு இணைத்திருக்கிறீர்கள். பான் கார்டில் பெயரும் இருக்கிறது, பிறந்த தேதியும் இருக்கிறது! பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டு அனுப்பிய கதைதான் இது. பான் கார்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிப் படிவத்துக்குத் தேவைப்படுவது ஆதார் எண், கார்டின் படம் இல்லை. அதனால் "படம் எதற்கு சார்?" என்று மரியாதையாகவே கேட்டுவிடலாம், பல பேர் பழக்கத்தில்தான் கேட்கிறார்கள். எண்ணைப் போனில் சொன்னால் போதும். ஃபைலில் வைத்துக்கொள்ள ஒரு காப்பி வேண்டுமென்றால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். myaadhaar.uidai.gov.in போய், ஓடிபி போட்டு உள்ளே நுழைந்து, டவுன்லோட் செய்யும் இடத்தில் மாஸ்க்டு என்பதை டிக் செய்தால், முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரிகிற பிரதி கிடைக்கும்.

பேங்க் ஸ்டேட்மென்ட், ஜேசன் மாதிரி கட்டாயம் போக வேண்டிய ஃபைல்களை கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, ரெஸ்ட்ரிக்டட் என்று வைத்து, ஆடிட்டரின் ஐடியை மட்டும் வியூவராகச் சேருங்கள். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பு வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் அவர் ஐடியை எடுத்துவிடலாம். அவர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் அது அவரிடம் இருக்கத்தான் செய்யும், ஆனால் மெயிலில் வருஷக்கணக்காகக் கிடக்கிற பிரதி ஒன்று குறைகிறது.

இப்போது அந்த ஜூனியர் தம்பி விஷயம். நீங்கள் ஆடிட்டருக்கு மட்டும் எழுதியதாக நினைக்கிறீர்கள். அவர் என்ன செய்வார்? "இதைப் பார்" என்று ஒரு வார்த்தை எழுதி அந்த மெயிலை அப்படியே ஜூனியருக்கு ஃபார்வர்டு செய்வார், ஏனென்றால் ஃபைல் எல்லாம் அதில்தான் இணைத்திருக்கிறது. "அவருக்கு வேலையே தெரியவில்லை" என்பதை அந்தப் பையன் தன் மேஜையில் உட்கார்ந்து படிப்பான். குரல் இல்லாமல், முகம் இல்லாமல் அந்த வரி நீங்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு கடுமையாக இருக்கும். தப்பு ஒருவேளை நீங்கள் கொடுத்த ரசீதில் இருந்திருந்தால்கூட எழுதியது எழுதியதுதான்.

ஆளைப் பற்றியதைப் போனில் பேசுங்கள். "சார், போன தடவை ஒரு தொகை விட்டுப்போச்சு, இந்த முறை நீங்களும் ஒரு கண் பார்த்துடுங்க" என்றால் அவருக்குப் புரியும். அப்புறம் மெயிலில் கணக்கை மட்டும் எழுதுங்கள்: "சென்ற ஆண்டு 80சி-யில் 1,50,000 வர வேண்டிய இடத்தில் 50,000 என்று இருந்தது. இந்த ஆண்டு ரசீதுகளுடன் சரிபார்க்க வேண்டுகிறேன்." இது எழுத்தில் இருப்பது நல்லது, நாளைக்கு ஆதாரமாக நிற்கும். யார் ஃபார்வர்டு செய்தாலும் யாருக்கும் வலிக்காது.

ஏற்கெனவே அனுப்பியவர்கள் ஜிமெயிலில் இப்படித் தேடிப் பாருங்கள்:

```
in:sent password
in:sent has:attachment aadhaar
```

கிடைத்தால், முதல் வேலை அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது, அழிப்பது அதற்கு அப்புறம். அழித்தது டிராஷில் 30 நாள் கிடக்கும், அங்கேயும் காலி செய்யுங்கள். ஆடிட்டரிடமும் அவர் பக்கத்தில் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆதார் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் அதே myaadhaar தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். கைரேகை தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். போர்ட்டலிலும் இ-ஃபைலிங் வால்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் ஆதார் ஓடிபியை இயக்கிவிட்டால் பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தவர் உள்ளே வர முடியாது, ஓடிபி உங்கள் போனுக்கு வந்தாக வேண்டும்.