பலகை மாறுகிறது, உங்கள் எண் மாறாது

(ஹட்டனில் உள்ள எங்கள் தேயிலைப் பொதி செய்யும் நிலையத்தில், காலை முறை முடிந்து மாலை முறை தொடங்கும் முன் ஊழியர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கம்பனியின் பெயர் மாறுகிறது என்று அறிவித்தல் பலகையில் ஒட்டிய கடிதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை, மூன்று கதைகள் என் காதுக்கு வந்துவிட்டன. கம்பனியைக் கொழும்பில் யாருக்கோ விற்றுவிட்டோம் என்பது ஒன்று. பழைய சர்வீஸ் எல்லாம் வெட்டுப்படும் என்பது இன்னொன்று. சேமலாப நிதிக்குப் புது எண் வரும், பழைய காசு மாட்டிக்கொள்ளும் என்பது மூன்றாவது. இந்தக் கதைகளைப் பேசியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததையும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதையும் பார்த்த குடும்பங்கள் நாம். பலகையில் பெயர் மாறினால் வயிற்றில் புளி கரைவது நமக்கு இயல்பு. அதனால்தான் நோட்டீஸ் ஒட்டியதோடு விடாமல் நேரில் பேச வந்தேன்.

முதலில், ஏன் மாற்றுகிறோம் என்று சொல்கிறேன். மாறுவது பெயரின் முதல் சொல் மட்டும்தான். 'திம்புள்ள' போகிறது, அந்த இடத்துக்குக் 'கொழுந்து' வருகிறது. பின்னால் உள்ள சொற்கள் அப்படியே இருக்கும்.

நாம் தொடங்கிய காலத்தில் 'திம்புள்ள' சரியான சொல். அன்று வாங்கியதெல்லாம் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை. தேயிலை வியாபாரத்தில் திம்புள்ள என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் இல்லை. மேற்குச் சரிவில் விளையும் தேயிலைக்கே அந்தப் பெயர். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே பகலில் வெயில் காய்ந்து, இரவில் குளிர் இறங்கும்போது வருகிற கொழுந்துதான் அதன் உச்சம். சாயம் தெளிவாக இறங்கும், நாக்கில் சுறுக்கென்று இருக்கும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்கும். நம் பைக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தத் தேயிலை.

அப்புறம் 2021 வந்தது. இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தாலும் செடி உடனே தேறவில்லை, விளைச்சல் விழுந்தது. ஏலத்தில் நமக்கு வேண்டிய தரம் கிடைத்தால் விலை கட்டவில்லை, விலை கட்டினால் தரம் இல்லை. ஒரே பக்கத்தை நம்பி மேசைகளைச் சும்மா வைத்திருக்க முடியாது என்று 2022இல் ஊவாத் தேயிலையும் வாங்கத் தொடங்கினேன். அந்த முடிவு சரியானதுதான். அங்கே பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. நம் பக்கம் மழையில் கிடக்கும்போது அந்தப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். இந்தச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி அப்பால் இறங்கும் காற்று அது. அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை ஏறும், கிட்டத்தட்ட தைலம் மாதிரி. பண்டாரவளைப் பக்கத்தில் பிறந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் விட்ட பிழை இங்கேதான். தேயிலை மாறியது, பையை மாற்றவில்லை. மேலே பெரிய எழுத்தில் 'திம்புள்ள', கீழே சின்ன எழுத்தில் 'ஊவாப் பருவத் தேயிலை'. அது நம் கம்பனியின் பெயர்தானே, யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

போன வருடம் ஆகஸ்ட்டில் பொதி செய்த சரக்கு உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் ஒருவர் 40 பெட்டி எடுத்தார். பெட்டிக்கு 24 பை, பைக்கு 250 கிராம். மொத்தம் 960 பை, 240 கிலோ. இரண்டு மாதம் கழித்து மிச்சத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லி எழுதினார். அவருடைய கடைக்கு வந்தவர்கள் சொன்ன குறை ஒன்றுதான்: “தேயிலையில் மருந்து மணக்கிறது, எதோடோ சேர்த்து வைத்திருக்கிறார்கள்.” நான் அன்றிரவு அதே தொகுதியின் மாதிரியை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். தேயிலையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் மருந்து என்று சொன்னது ஊவாவின் அந்த வாசனையைத்தான். அதற்காகவே ஏலத்தில் கூட விலை கொடுத்து வாங்கியிருந்தோம். பையில் திம்புள்ள என்று வாசித்துவிட்டுக் குடித்த மனிதருக்கு அந்த வாசனை குறையாகத்தான் படும். அவர் நாக்கு வேறு ஒன்றுக்குத் தயாராக இருந்தது.

அதுவரை பெயர் என்பது அடையாளத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தேயிலைப் பையில் இடத்தின் பெயர் போட்டால் அது ஒரு வாக்கு. உள்ளே இருப்பது அந்த மலையில் விளைந்தது என்று வாங்குகிறவருக்குச் சொல்கிறோம். ஊவாத் தேயிலையைத் திம்புள்ள என்ற பையில் போட்டால், அடியில் எவ்வளவு சின்ன எழுத்தில் உண்மையைச் சொன்னாலும், மேலே சொன்னது பொய். இனிமேல் இடத்தின் பெயர் கம்பனியின் பெயரில் இருக்காது. அந்தந்தப் பையில், உள்ளே இருக்கும் தேயிலைக்கு ஏற்றபடி, பெரிய எழுத்தில் இருக்கும்.

'சிலோன்' என்று வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சிலோன் தேயிலை என்பதற்குத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருக்கிறது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்தால்தான் அதைப் போடலாம். நம் பைகளில் அது தொடரும். கம்பனிக்கு வேறொரு சொல் வேண்டும். திம்புள்ளயோ ஊவாவோ, எந்தச் சரிவிலும் ஆயும் கைக்கு வருவது கொழுந்துதான். என் அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து ஆய்ந்தார். இங்கே பாதிப் பேருக்கும் மேல் அம்மாமார் அதைத்தான் செய்தார்கள். வெளிநாட்டுக்காரருக்கு 'ழு' வராது என்றார்கள். வராவிட்டால் அவர்களுக்கு வருகிற மாதிரி சொல்லட்டும்.

சரி, இனி உங்கள் விஷயம்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படிதான் இதைச் செய்கிறோம். கம்பனிகள் பதிவாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, பங்குதாரர்கள் விசேட தீர்மானம் எடுத்தால் பெயர் மாறும். வாக்கில் 75 வீதம் வேண்டும், நம் பங்குதாரர்கள் எல்லோருமே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பதிவாளர் புதுப் பெயரில் சான்றிதழ் தருவார். வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். பெயர் மாறுவதால் கம்பனியின் உரிமையோ கடமையோ மாறாது என்று அதே சட்டம் சொல்கிறது. கம்பனியின் பதிவிலக்கமும் அப்படியே இருக்கும். அதாவது உங்களுக்குச் சம்பளம் தர வேண்டிய ஆள் மாறவில்லை, அந்த ஆளைக் கூப்பிடும் பெயர்தான் மாறுகிறது.

சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனியின் பங்காக 12 வீதமும் அதே உறுப்பினர் எண்ணுக்குப் போகும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போகும் 3 வீதமும் அப்படித்தான். தொழில் திணைக்களத்துக்கும் வங்கிக்கும் தேயிலைச் சபைக்கும் புதுப் பெயரை அறிவிப்பது அலுவலகத்தின் வேலை. நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம்.

பணிக்கொடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயம் அதில்தான் அதிகம். 1983இன் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. பதினொரு வருடம் முடித்த ஒருவரின் கடைசிச் சம்பளம் 60,000 ரூபா என்று வையுங்கள். பாதி 30,000. பதினொரு தடவை பெருக்கினால் 330,000 ரூபா.

இப்போது அதே ஆளிடம் நாலு வருடம் முடிந்ததும், “பெயர் மாறுது, ஒரு விலகல் கடிதம் தா, புது நியமனக் கடிதம் தருகிறோம்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகும்? கணக்கில் அந்த நாலு வருடம் ஐந்தைத் தொடவில்லை, அதற்கு ஒன்றும் இல்லை என்பார்கள். பிந்திய ஏழு வருடத்துக்கு 210,000 மட்டும். ஒரு கையெழுத்தில் 120,000 ரூபா போய்விடும். என் சித்தப்பாவுக்கு இது நடந்தது, அவர் வேலை செய்த ஓர் இடத்தில். பெயர் மாறுகிறது என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். உண்மையில் வேறொரு கம்பனியைப் பதிந்து, ஆட்களை அதற்கு மாற்றினார்கள். கடிதத் தலைப்பில் பதிவிலக்கம் வேறாக இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அதனால் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். புதுக் கடிதம் வந்ததும் பதிவிலக்கத்தைப் பழைய நியமனக் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் சேமலாப நிதி எண்ணைப் பாருங்கள். வேலையில் சேர்ந்த திகதியைப் பாருங்கள். மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்காக உங்களிடம் ஒரு கையெழுத்தும் தேவையில்லை. அலுவலகத்திலிருந்து யாராவது விலகல் கடிதம் கேட்டால், நானே கேட்டாலும் சரி, கொடுக்காதீர்கள்.

பொதி மேசைக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய பைகள் 9,000 கையிருப்பில் உள்ளன, 2,250 கிலோவுக்கு வரும். எரிக்கப் போவதில்லை. இந்தப் பருவத்தில் வரும் மேற்குச் சரிவுத் தேயிலை மட்டும் அவற்றில் போகும், கம்பனிப் பெயரின் மேல் புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஊவாத் தேயிலை ஒரு பிடிகூடப் பழைய பைக்குள் போகக் கூடாது. தொகுதி எண் 'ஊ' என்று தொடங்கினால் மூன்றாம் மேசை, 'தி' என்றால் முதல் இரண்டு மேசை. எழுத்து அழிந்த சாக்கு வந்தால் வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பருவம் தவறிய ஊவாத் தேயிலையில் அந்த வாசனை தெரியாது. சாக்கை ஒதுக்கிவிட்டு ஸ்டோர் புத்தகத்தில் பாருங்கள்.

சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்களா? பதிவுச் சான்றிதழின் பிரதி இந்த மேசையில் இருக்கிறது, இப்போதே எண்ணை ஒத்துப் பார்த்துவிடலாம். பொகவந்தலாவை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.