வீட்டு வட்டத்துக்குள் பூட்டாத போன்

நேயர்களுக்கு வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். “வீட்ல இருக்கும்போது போன் லாக் நம்பர் கேக்காம செஞ்சு குடுங்க” என்று கேட்டு வருபவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டில் இந்த வசதிக்கு முன்பு Smart Lock என்று பெயர்; இப்போது Extend Unlock. வீட்டு முகவரியையோ, கையிலுள்ள ஸ்மார்ட் வாட்சையோ நம்பகமானது என்று அதில் பதிந்துவைக்கலாம்.

இன்றைய ஆண்ட்ராய்டில் இது பூட்டிய போனைத் திறக்காது. நீங்கள் எண் போட்டுத் திறந்த போனை, மறுபடி பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான்கு மணி நேரம் தொடாமல் கிடந்தாலோ, போனையே அணைத்து மறுபடி போட்டாலோ எண் கேட்கும்.

சிக்கல் எங்கே என்றால், போனுக்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது. இடத்தை உத்தேசமாகத்தான் கணிக்கும். சுற்றிலும் 80 மீட்டர் வரை போன் திறந்தே இருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. நம் பக்கத்து ஒட்டு வீடுகளில் 80 மீட்டர் என்றால் பக்கத்து வாசல்கள், முனை டீரூம், டாக்ஸி நிற்கிற இடம் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஒருவர் கேட்டுக்கு வெளியே டாக்ஸிக்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் முன்னால் மெசேஜ் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார். திரை அணைந்திருக்கிறது, பூட்டிவிட்டது என்று நினைப்பார். ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, திரையை மேலே தள்ளுகிறான். திறந்துகொள்கிறது. வங்கிச் செயலி தனியாக ரகசிய எண் கேட்கும், உண்மைதான். ஆனால் மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் அவன் கையில். கடவுச்சொல்லை மாற்ற வருகிற இணைப்பும் ஒருமுறைக் குறியீடும் அங்கேதானே வந்து விழும்?

வாட்ச் வழியிலும் இதே கதைதான். அது ப்ளூடூத் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். திறந்த வெளியில் அந்தத் தொடர்பு 100 மீட்டர்கூடப் போகலாம். காவடியன்று கோவில் கூடத்தில் பையை வைத்துவிட்டு நீங்கள் வெளியே வரிசையில் நின்றால், வாட்ச் உங்கள் கையில், திறந்த போன் அங்கே. ஐபோன் இதில் கொஞ்சம் கறார். முகக்கவசம் போட்டிருக்கும்போது ஆப்பிள் வாட்ச் உதவும். ஆனால் வாட்ச் கையில் கட்டியிருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும், மிக அருகில் இருக்க வேண்டும். திறந்ததும் மணிக்கட்டில் அதிரும்; உடனே பூட்ட அங்கேயே ஒரு பொத்தானும் வரும்.

உங்கள் வட்டம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்க்கலாம். வீட்டில் போனைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, தெருமுனைவரை நடந்துபோய் மேலே தள்ளிப் பாருங்கள். எண் கேட்காமல் திறந்தால் செட்டிங்ஸ் தேடலில் Extend Unlock என்று தட்டி, வீட்டை நீக்கிவிடுங்கள். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பவர்கள், கேட்டைத் தாண்டுமுன் பவர் மெனுவில் Lockdown தொடுங்கள். அடுத்த முறை கைரேகைகூடச் செல்லாது, எண்தான் கேட்கும். சில போன்களில் அந்தப் பொத்தானை முதலில் செட்டிங்ஸில் இயக்கி வைக்க வேண்டும்.