பத்து அசை, ஒரே மூச்சு: பிரெஞ்சு ஏன் இடைவெளியே இல்லாமல் ஒலிக்கிறது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். "அவள் ஒரு நண்பனோடு வந்தாள்" என்பதுதான் பொருள். பிரெஞ்சில் ஆறு சொற்கள். ஒவ்வொன்றாகச் சொன்னால் எல், எ, அரிவே, அவெக், அன், அமி. இப்போது பாரிஸில் ஒருவர் சொல்வதைப் போலச் சொல்கிறேன், கேளுங்கள்.

எலெதாரிவே அவெகன்நாமி.

முதல் தடவை இதைக் கேட்டபோது "நாமி" என்று ஒரு சொல் இருப்பதாக நினைத்து, அகராதியில் தேடித் தேடிப் பார்த்தேன். இருந்தால்தானே கிடைக்கும்! அப்புறம் ஒலிப்பதிவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் சொற்களுக்கு நடுவே இடைவெளி வரவில்லை, ஒட்டிய ஒலியே நீளமாக இழுபட்டது. அதாவது அவர்கள் வேகமாகப் பேசுவது மட்டும் காரணமில்லை.

சரி, அசை அசையாகப் பிரிப்போம். எ, லெ, தா, ரி, வே, அ, வெ, கன், நா, மி. மொத்தம் பத்து. "அவெக்" சொல்லின் கடைசி க் அங்கே நிற்காமல் அடுத்த "அன்" மேல் ஏறி "கன்" ஆகிவிட்டது. இதற்கு ஆன்ஷேன்மான் என்று பெயர், சங்கிலி போல் கோப்பது. நமக்கு இது புதிதே இல்லை. "நான் இல்லை" என்பதை நானில்லை என்கிறோமே, உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்.

"தா", "நா" இரண்டும் வேறு கதை. இரண்டாவது சொல்லான "எ" எழுத்தில் த் என்று முடிகிறது, ஆனால் தனியாகச் சொன்னால் அந்த த் வாயில் வராது. "அன்" என்பதிலும் உயிர் மூக்கு வழியாக ஒலிக்கிறதே தவிர, நாக்கு மேலே போய் ன் சொல்வதில்லை. பின்னால் உயிரெழுத்து வந்தால் மட்டும் அந்த மெய் விழித்துக்கொள்ளும். இதுதான் லியேஸோன். பழைய பிரெஞ்சில் இந்தக் கடைசி மெய்களை ஒலித்துக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் மெய்யெழுத்துக்கு முன்னும் நிறுத்தத்திலும் அவை உதிர்ந்துபோயின, உயிருக்கு முன் தப்பித்தன. இதில் "நா" கட்டாயம். "தா" விருப்பம்தான், இயல்பான பேச்சில் பலர் "எலெ அரிவே" என்றே சொல்வார்கள்.

நம் நாக்கு தவறுகிற இடமும் இதே வாக்கியத்தில் இருக்கிறது. "அரிவே" முடிந்து "அவெக்" தொடங்கும்போது இரண்டு உயிர்கள் மோதுகின்றன. தமிழில் ய் போட்டு இணைத்துப் பழகியதால் "அரிவேயவெக்" என்று வந்துவிடும். பிரெஞ்சில் அந்த ய் கிடையாது. குரலை நிறுத்தாமல் ஏ-விலிருந்து அ-வுக்கு நேராக நகர வேண்டும். இதை மட்டும் ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.

இன்னொரு காரணம் அழுத்தம். ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்களுக்கு அழுத்தம் உண்டு, அதை வைத்துச் சொல்லைப் பிரித்துவிடலாம். பிரெஞ்சில் அழுத்தம் சொற்கூட்டத்தின் கடைசி அசையில்தான். நம் வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னால் அது "மி" மேல் விழும். அதுவரை சொல் எங்கே முடிந்தது என்று காதுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதனால் நான் செய்வது இதுதான். கேட்டதை அசையாக எழுதிக்கொள்வேன். புரியாத சொல் ஃஸ், ந், த் மூன்றில் ஒன்றில் தொடங்கினால், அதை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தேடுவேன். லியேஸோனில் பெரும்பாலும் வருவது இந்த மூன்றுதான். "நாமி"யில் ந் போனால் அமி, நண்பன். (ஃஸ் என்று நான் எழுதுவது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி, சாதாரண ஸ் இல்லை.)

அந்த வண்டு ஒலியைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும். "இல்ஃஸோன்" என்றால் அவர்களிடம் இருக்கிறது. "இல்ஸோன்" என்றால் அவர்கள் இருக்கிறார்கள். "இலெம்" அவன் நேசிக்கிறான், "இல்ஃஸெம்" அவர்கள் நேசிக்கிறார்கள். இங்கே பன்மையைக் காதுக்குக் காட்டுவது அந்த ஒரு ஒலி மட்டும்தான்.

எல்லா இடத்திலும் ஒட்டவும் கூடாது. "லே எரோ" என்றால் வீரர்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்து ஒலிக்காத ஹ், ஆனால் லியேஸோனைத் தடுக்கும் வகை. அங்கே ஃஸ் சேர்த்தால் "லே ஃஸேரோ", பூஜ்யங்கள் ஆகிவிடும்! இப்படித் தடுக்கும் சொற்களை அகராதியில் குறியிட்டிருப்பார்கள், பார்த்துப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பிரெஞ்சுக் குழந்தைகளுக்கும் வெட்டும் இடம் உடனே பிடிபடுவதில்லை. விமானம் "அவியோன்", ஒரு விமானம் "அன்நாவியோன்". அதைக் கேட்டுவிட்டு "நாவியோன்" என்றே ஒரு சொல் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் தப்பாக வெட்டி அப்படியே நிலைத்துப்போனதும் உண்டு. சுவரில் படரும் ஐவி கொடிக்குப் பழைய பெயர் "இயேர்". ஆங்கில "the" போல முன்னால் வந்த ல் ஒட்டிக்கொண்டு "லியேர்" ஆகி, இன்று அதற்கு முன்னாலும் இன்னொரு "ல" போட்டு "ல லியேர்" என்கிறார்கள்.