ஜிபிஎஸ் பொய் சொல்லும்போது யாரைக் கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 25, 26 ஆகிய இரண்டு நாள் மாலையிலும் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியாவின் தார்து நகரத்துக்குக் கிளம்பிய ஃபின்னேர் விமானங்கள் அங்கே இறங்காமலேயே திரும்பிப் போயின. அந்த வட்டாரத்தில் யாரோ ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் இறங்குவதற்கு வேறு வழிகளும் உண்டு. தார்துவில் அப்போது இருந்த இறங்குமுறைகள் எல்லாமே ஜிபிஎஸ்ஸை நம்பியவை. அதனால் ஒரு மாதத்துக்கு அந்தச் சேவையே நின்றது. ஜூன் 2ஆம் தேதி மறுபடியும் தொடங்கியது. தொடங்க உதவியது புதிய செயற்கைக்கோள் அல்ல, டிஎம்இ என்ற பழைய ரேடியோ கருவி.

விமானப் பள்ளியில் பாடம் எடுக்கும்போது மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "சார், கையில் டேப்லெட் இருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று அதுவே காட்டுகிறது. இந்த வீஓஆர், டிஎம்இ எல்லாம் இன்னும் எதற்கு?" இன்றைக்கு அந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் வீஓஆர். தரையிலுள்ள ஒரு ரேடியோ நிலையம் இது, அதிலிருந்து நீங்கள் எந்தத் திசையில் இருக்கிறீர்கள் என்று சொல்வது. ஒரு கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிக்கற்றை கடிகார முள் போல நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. கற்றை வடக்கைத் தாண்டும் நொடியில் இன்னொரு விளக்கு எல்லாத் திசைக்கும் ஒருமுறை மின்னுகிறது. மின்னியதிலிருந்து சரியாக 15 நொடி கழித்துக் கற்றை உங்கள் கண்ணில் பட்டால் நீங்கள் விளக்கத்துக்குக் கிழக்கே இருக்கிறீர்கள், அதாவது 90 டிகிரி. வீஓஆர் இதையே ரேடியோவில் செய்கிறது, நொடிக்கு 30 சுற்று வேகத்தில். விமானத்திலுள்ள கருவி இரண்டு சிக்னலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளந்து, நிலையத்திலிருந்து புறப்படும் எந்தக் கோட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும். அந்தக் கோட்டுக்கு ரேடியல் என்று பெயர். இங்கே வடக்கு என்பது காந்த வடக்கு. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ரேடியல் மாறாது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

சரி, திசை தெரிந்துவிட்டது. தூரம்? எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான்.

வீஓஆரில் விமானம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும். தூரத்தைச் சொல்லும் டிஎம்இயில் விமானம்தான் முதலில் பேசும். ஒரு ஜோடித் துடிப்பை அனுப்பும். தரை நிலையம் அதைக் கேட்டு, சரியாக 50 மைக்ரோ நொடி பொறுத்து, வேறொரு அலைவரிசையில் பதில் துடிப்பை அனுப்பும். ரேடியோ அலை ஒரு கடல் மைல் போய்த் திரும்ப 12.36 மைக்ரோ நொடி ஆகும். கேள்வி அனுப்பி 420.8 மைக்ரோ நொடியில் பதில் வந்தால், நிலையம் பொறுத்த 50ஐக் கழியுங்கள். மிச்சம் 370.8. அதை 12.36ஆல் வகுத்தால் 30 கடல் மைல்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதே நிலையத்தை ஒரே நேரத்தில் நூறு விமானங்கள் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் பதில் ஒரே அலைவரிசையில்தான் வருகிறது. துடிப்பில் யார் பெயரும் எழுதியிருக்காது. அப்படியென்றால் இது எனக்கு வந்த பதில் என்று என் கருவிக்கு எப்படித் தெரியும்? விமானம் சீரான இடைவெளியில் கேட்பதில்லை, வேண்டுமென்றே தாறுமாறான இடைவெளியில் கேட்கிறது. ஒவ்வொரு முறை கேட்ட பிறகும் வந்து விழும் பதில்களைப் பார்க்கிறது. அடுத்தவருக்கான பதில்கள் ஒருமுறை முன்னால் வரும், ஒருமுறை பின்னால் வரும். தனக்கான பதில் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் அதே தாமதத்தில் வந்து நிற்கும். அதைப் பிடித்துக்கொள்கிறது. பெயரே இல்லாமல் ஆளை அடையாளம் காணும் இந்த யோசனையை நான் ஒவ்வொரு வகுப்பிலும் ரசித்துத்தான் சொல்கிறேன்.

இதற்கும் குறைகள் உண்டு. டிஎம்இ காட்டுவது தரையில் அளந்த தூரம் அல்ல, சாய்வான தூரம். 36,000 அடி உயரத்தில் நிலையத்தின் நேர் தலைக்கு மேலே பறந்தாலும் அது கிட்டத்தட்ட 6 மைல் என்று காட்டும். அந்த நேரத்தில் வீஓஆர் முள்ளும் தடுமாறும், நேர் மேலே அதற்குத் தெளிவான சிக்னல் கிடையாது. இந்த அலைகள் நேர்கோட்டில்தான் போகும் என்பதால் மலை மறைத்தால் ஒன்றும் கேட்காது.

இன்னொன்று, முள் அசைகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. என் மாணவர் ஒருவர் அலைவரிசையில் ஒரு இலக்கத்தை மாற்றி வைத்துவிட்டார். முள் உயிரோடு அழகாகத் திரும்பியது, அது காட்டியதோ வேறு ஊர் நிலையத்தை. ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். பத்து நொடி காது கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நம்மிடம் வந்து சேரும்போது மிக மெல்லிய முணுமுணுப்பு. அதை அமுக்கப் பெரிய கருவி தேவையில்லை. அமுக்கினால்கூடப் பரவாயில்லை, திரையில் எச்சரிக்கை வந்துவிடும். மோசமானது போலி சிக்னல். 2024இல் கிழக்கு மத்திய தரைக்கடல் பக்கம் பறந்த பல விமானங்களின் கருவிகள், தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. எச்சரிக்கை எதுவும் வராமலேயே வரைபடம் தன்னம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும்.

அங்கே ஒரு விமானி என்ன செய்யலாம்? சைப்ரஸின் லார்னகா நிலையத்தைப் பிடித்து, முதலில் மோர்ஸ் பெயரைக் கேட்டு உறுதி செய்கிறார். லார்னகாவிலிருந்து பெய்ரூட் தென்கிழக்கே, ஏறக்குறைய 120ஆவது ரேடியலில், 110 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. திரை சொல்வது உண்மையானால் கருவிகளில் இந்த எண்கள்தான் வர வேண்டும். ஆனால் முள் 225 என்கிறது, டிஎம்இ 20 மைல் என்கிறது. அதாவது விமானம் லார்னகாவுக்குத் தென்மேற்கே, பக்கத்திலேயே இருக்கிறது. அரை நிமிட வேலை. இனி திரையை நம்ப வேண்டாம் என்று தெரிந்துவிட்டது, எங்கே இருக்கிறோம் என்பதும் தெரிந்துவிட்டது.

பெரிய விமானங்களில் கணினியே இரண்டு மூன்று டிஎம்இ தூரங்களை எடுத்து இடத்தைக் கணக்கிடும் என்பது உண்மைதான். ஆனால் எதை நம்புவது, எதை அணைப்பது என்று முடிவெடுக்கும் கை விமானியுடையது. அமெரிக்காவில் வீஓஆர்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கேயும் முழுக்க மூடவில்லை. ஜிபிஎஸ் போனால் விமானங்கள் பத்திரமாக வந்து இறங்கும் அளவுக்கு ஒரு வலையை வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் என் மாணவர்களோடு பறக்கும்போது நான் ஒரு வேலை செய்வேன். பாதி வழியில் டேப்லெட்டை வாங்கி என் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்போது எங்கே இருக்கிறோம், வரைபடத்தில் பென்சிலால் காட்டுங்கள்" என்பேன். முதல் தடவை ஐந்து நிமிடம் ஆகும், வியர்க்கும். நான்காவது தடவை, நான் கேட்டு முடிப்பதற்குள் ரேடியல் கோடு போட்டு, தூரத்தை அளந்து, புள்ளி வைத்துவிடுவார்கள். அப்புறம்தான் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுப்பேன்.