பி.எஃப். எடுத்தபோது கூடவே போன ஆறு வருடம்

வணக்கம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு அருகில், எங்கள் மாந்தோப்பில் உட்கார்ந்து இதைப் பதிவு செய்கிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நான் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் பி.எஃப். சலானைத் தயார் செய்வதும் என் வேலைகளில் ஒன்று. போன வாரம் என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்து, "அண்ணா, இன்னும் நாலைந்து வருடத்தில் வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன், அப்போது எனக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்?" என்று கேட்டான். அவனுடைய பாஸ்புக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் இந்தக் காணொளியை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் அனுமதியுடன்தான் பேசுகிறேன்.

முதலில், சம்பளத்தில் பிடிக்கும் பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்குகிற ஒருவரிடம் 12 சதவீதமாக 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே 1,800 ரூபாயைத் தன் பங்காகக் கட்டுகிறது. ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 ரூபாய் மட்டுமே பி.எஃப். கணக்கில் சேர்கிறது. ஆக மாதம் 2,350 ரூபாய் ஒரு பக்கமும் 1,250 ரூபாய் இன்னொரு பக்கமும் போகின்றன. இந்த இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரி இயங்குவதில்லை என்பதைப் பலர் பணி ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அறிவதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பி.எஃப். என்பது சொந்தக் கிணறு, ஓய்வூதிய நிதி என்பது ஏரி. பி.எஃப். பணத்தையும் நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களின் பணத்தோடு ஒன்றாகத் திரட்டித்தான் முதலீடு செய்கிறார்கள். பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன் பத்திரங்களிலும், ஒரு சிறுபகுதி பங்குச் சந்தை சார்ந்த நிதிகளிலும் இருக்கிறது. அந்த வருமானத்தை வைத்து ஆண்டுக்கு ஒரு வட்டி விகிதத்தை அறிவிக்கிறார்கள். 2023-24-க்கும் 2024-25-க்கும் அது 8.25 சதவீதம். முதலீடு பொதுவாக இருந்தாலும், உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பது ரூபாய் கணக்கில் தனியாக எழுதப்பட்டிருக்கும், அதற்கு வட்டியும் ஏறும்.

ஏரி அப்படியல்ல. 1,250 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குள் போன பிறகு உங்களுக்கென்று தனிப் பணம் எதுவும் அங்கே இல்லை. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதத்தை அதே நிதியில் சேர்க்கிறது. உங்கள் பெயரில் அங்கே சேர்வது பணி செய்த காலம்தான். ஏரிப் பாசனத்தில் ஆயக்கட்டு நிலம் இருந்தால் தண்ணீரில் முறை கிடைப்பது போல, இங்கே வருடங்கள் இருந்தால் ஓய்வூதியம் கிடைக்கும். வேலையில் சேர்ந்து ஒரு மாதப் பங்கு மட்டுமே கட்டப்பட்ட நிலையில் ஒருவர் இறந்துபோனாலும் அவர் மனைவிக்கு ஓய்வூதியம் வருகிறதே, அது இந்தப் பொதுத் திரளிலிருந்துதான் வருகிறது. அவர் கட்டிய பணத்தை மட்டும் வைத்து அதைக் கொடுக்க முடியாது.

கோளாறு தொடங்குகிற இடம் பாஸ்புக்கின் கடைசிப் பத்தி. பாஸ்புக்கில் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டிலும் ஆண்டு முடிவில் வட்டி ஏறியிருக்கும், மூன்றாவதில் ஏறியிருக்காது. அதைப் பார்க்கிற எவரும், "இந்தப் பணம் சும்மா கிடக்கிறது, வட்டிகூட இல்லை, எடுத்துவிடுவதே நல்லது" என்றுதான் நினைப்பார். நான்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அங்கே வட்டி இல்லாததற்குக் காரணம், அது இருப்புத் தொகையே அல்ல என்பதுதான்; உங்கள் பொருட்டு ஏரிக்குள் விட்ட தண்ணீரின் அளவை எழுதி வைத்த குறிப்பு அது.

இப்போது தம்பியின் கதைக்கு வருகிறேன். அவன் 2015 செப்டம்பரில், 24 வயதில், ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 2021 ஆகஸ்டு முடிய ஆறு வருடம் வேலை செய்தான். வேலையை விட்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தபோது, போர் போடப் பணம் தேவைப்பட்டது. நெட் சென்டரில் போய் "பி.எஃப். எடுக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறான். அங்கே இருந்தவர் படிவம் 19-ஐயும் படிவம் 10சி-யையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. படிவம் 19 கிணற்றுத் தண்ணீருக்கு. படிவம் 10சி ஆயக்கட்டு உரிமையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு தொகையை வாங்கிக்கொள்வதற்கு. அவன் 10சி என்ற பெயரையே போன வாரம் என் வாயால்தான் கேட்டான்.

கணக்கு எளிதாக இருக்க, சம்பளம் 15,000 ரூபாயாகவும் வட்டி 8.25 சதவீதமாகவும் மாறாமல் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு வருடத்தில் பி.எஃப். பக்கம் ஏறக்குறைய 2,16,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஓய்வூதியப் பக்கம் கட்டப்பட்டது 90,000. 10சி மூலம் கைக்கு வந்ததும் அதை ஒட்டிய தொகைதான்.

அந்த 2,16,000-ஐத் தொடாமல் புது நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றியிருந்தால், அவனுடைய 58-ஆவது வயதில், 28 வருடம் கழித்து, அது மட்டுமே ஏறத்தாழ 19,90,000 ரூபாய் ஆகியிருக்கும். இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் விலைவாசியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்தால், அந்தப் பணத்தின் மதிப்பு அவன் பணத்தை எடுத்த நாளின் விலையில் 3,90,000 ரூபாய்தான். அதாவது விலையேற்றத்தை ஈடுகட்டிய பிறகும் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. போரில் தண்ணீர் கிடைத்து, மாங்கன்றுகள் பிழைத்து, இன்று காய்க்கின்றன. ஆகவே படிவம் 19-க்காக அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 10சி வேறு விஷயம். ஓய்வூதியத்துக்கான கணக்கு இதுதான்: ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிக்கால வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஓய்வூதியச் சம்பளம் என்பது கடைசி 60 மாதங்களின் சராசரி. வழக்கமாக அதற்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து வருடப் பணிக்காலம் வேண்டும். தம்பி 2021 நவம்பர் கடைசியில் இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்தான். 2030 டிசம்பரில் விட்டுவிடலாம் என்பது அவன் திட்டம். அப்போது அங்கே ஒன்பது வருடமும் ஒரு மாதமும் ஆகியிருக்கும். முந்தைய ஆறு வருடம் கணக்கில் இருந்திருந்தால் மொத்தம் 15 வருடம். 58 வயதிலிருந்து மாதம் 3,214 ரூபாய், அவனுக்குப் பிறகு அவன் மனைவிக்கு அதில் பாதி. ஆறு வருடம் 10சி-யோடு போய்விட்டதால், இருப்பது ஒன்பது வருடம் மட்டும். மாத ஓய்வூதியம் கிடையாது. மறுபடியும் ஒரு 10சி போட்டுக் கிடைக்கிற ஒரு தொகையோடு எல்லாம் முடிந்துவிடும்.

3,214 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். விலைவாசிக்கு ஏற்ப அது உயர்வதும் இல்லை. இந்தத் திட்டத்தின் பெரிய குறையே அதுதான். ஆனாலும் உயிர் உள்ளவரைக்கும் மாதாமாதம் வருகிற பணத்தை, ஒரு தவணையில் செலவாகிவிட்ட 90,000 ரூபாய்க்கு விற்றுவிட்டோம் என்பதே தெரியாமல் விற்றிருக்கிறான்.

படிவம் 10சி-யிலேயே இன்னொரு வழியும் இருந்தது. பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் என்ற திட்டச் சான்றிதழைக் கேட்கலாம்; பணிக்காலம் அதில் எழுதப்பட்டு, அடுத்த வேலையில் சேர்ந்துகொள்ளும். அடுத்த வேலை உறுதி என்றால் அதுவும் தேவையில்லை, படிவம் 13 மூலம் கணக்கை மாற்றினாலே போதும். மாற்றிய பிறகு புது பாஸ்புக்கின் ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை வராமல் சுழியமாக இருக்கும். "என் பென்ஷன் பணம் காணாமல் போய்விட்டது" என்று என்னிடம் பதறி வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பணம் ஏற்கெனவே ஏரியில் இருப்பதால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மாறுவது பணிக்காலம் மட்டுமே. அது சரியாக இருக்கிறதா என்பதை உறுப்பினர் தளத்தில் `View` பகுதியில் உள்ள `Service History` பக்கத்தில் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அங்கே இருக்க வேண்டும்.

இடையில் விதிகளும் மாறி வருகின்றன. 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தவர் பி.எஃப். கணக்கை முழுவதுமாக முடிப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகவும், ஓய்வூதியப் பணத்தை எடுப்பதற்கான காத்திருப்பை 36 மாதமாகவும் நீட்ட முடிவு செய்தது. கைக்குப் பணம் வேண்டுமென்றால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், 25 சதவீதம் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் அந்த முடிவில் உண்டு. பலர் திட்டினார்கள். தம்பியின் பாஸ்புக்கைப் பார்த்த எனக்கு, அந்த 36 மாதம் மட்டும் 2021-லேயே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அவனுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. பணிக்காலத்தைக் கணக்கிடும்போது ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒன்பதரை வருடம் முடித்தால் பத்து வருடமாகிவிடும். 2021 நவம்பர் கடைசியிலிருந்து எண்ணினால் அது 2031 மே கடைசி. சம்பளமில்லாத விடுப்பு நாட்களை நாங்கள் மாத அறிக்கையில் தனியாகக் காட்டுகிறோம். அவை பணிக்காலத்தில் குறையக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு ஜூலை கடைசியில் விலகு என்றேன். அப்போது 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதிலிருந்து மாதம் 2,143 ரூபாய் வரும்.

அவன் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணிவிட்டு, "மே, ஜூன் மாங்காய் அறுப்பு ஆயிற்றே அண்ணா" என்றான். அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் ஆள் வைத்து அறுத்துக்கொள்ளலாம், கூலியில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.