ஏழு கார்டு, மூன்றே வேலை

திரையில்: C – F – G – C
கீபோர்டில்: ஒவ்வொரு கார்டும் ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, நிதானமாக.

சி, எஃப், ஜி, மறுபடி சி. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள், இது ஆயிரம் பாட்டில் கேட்ட வரிசைதான். இப்போது அதையே வாசித்து கடைசி கார்டுக்கு முன்னால் கையை எடுத்துவிடுகிறேன்.

கீபோர்டில்: சி, எஃப், ஜி. நிசப்தம்.

எரிச்சலாக இருக்கிறதா? இசையே படிக்காதவருக்கும் இது பாதியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, எஃப்பில் நிறுத்திப் பார்ப்போம்.

கீபோர்டில்: சி, எஃப். நிசப்தம்.

இதுவும் முடிவு இல்லை, ஆனால் அந்த அவசரம் இல்லை. கிளம்பியாயிற்று, இன்னும் கொஞ்சம் சுற்றலாம் என்கிற மாதிரி ஒரு நிலை. ஆக சி ஓய்வு, எஃப் விலகல், ஜி இழுப்பு. இவற்றைத்தான் டானிக், சப்டாமினன்ட், டாமினன்ட் என்கிறோம். ஜெர்மானிய இசை அறிஞர் ஹ்யூகோ ரீமான் 1893-இல் சொன்னது இன்னும் ஒரு படி மேலே போகும்: ஒரு கீயில், அதாவது ஒரு ஆதார சுரத்தைச் சுற்றி அமைந்த ஸ்கேலில், இருக்கும் எந்தக் கார்டும் இந்த மூன்று வேலைகளில் ஒன்றைத்தான் செய்கிறது.

ஸ்கேலின் ஏழு சுரத்துக்கும் ஒன்றாக ஏழு கார்டு இருக்கிறதே, எப்படி மூன்றில் அடங்கும்? இதற்கு நம் கையில் ஒரு வசதி இருக்கிறது. சி மேஜர் ஸ்கேலை ச ரி க ம ப த நி என்றே கூப்பிடலாம், சங்கராபரணத்தின் சுரங்கள்தான். கர்நாடக சங்கீதத்தில் கார்டும் இல்லை, இந்த மூன்று வேலையும் இல்லை, பெயர்களை மட்டும் கடன் வாங்குகிறேன்.

திரையில்: கீபோர்டின் எட்டு வெள்ளைக் கட்டைகள். க–ம, நி–ச இரண்டு இடங்களிலும் சிவப்புக் கோடு.

இந்த ஸ்கேலில் இரண்டே இடத்தில்தான் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே கறுப்புக் கட்டை இல்லை: க-வுக்கும் ம-வுக்கும் நடுவே, நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவே. அரைச்சுரத் தூரம். ச நிலையாக ஒலிக்கும்போது அதை ஒட்டி நிற்கிற நி மேலே ஏறத் துடிக்கும், ம கீழே க-வில் இறங்கப் பார்க்கும். மொத்த விஷயமும் இந்த இரண்டு சுரத்தில்தான் இருக்கிறது.

ஜி கார்டு ப நி ரி, அதில் நி இருக்கிறது. ப-விலிருந்து எண்ணி ஏழாவது சுரத்தையும் சேர்த்து ஜி7 ஆக்கினால் ப நி ரி ம, இப்போது நி-யும் ம-வும் ஒரே கார்டில், ஒன்றுக்கொன்று ஆறு அரைச்சுரம் தள்ளி. அடுத்து சி வரும்போது நி ச ஆகிறது, ம க ஆகிறது, இரண்டு விரல் ஆளுக்கு ஒரு கட்டை நகர்ந்ததும் எரிச்சல் தீர்ந்துவிடுகிறது. எஃப் கார்டு ம த ச: இதில் ம உண்டு, நி கிடையாது. அதனால்தான் விலகல் மட்டும் தெரிகிறது, அவசரம் இல்லை. சி கார்டில் ச க ப, தொந்தரவு செய்கிற இரண்டு சுரமும் இல்லை.

மற்றதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டி மைனர் ரி ம த: ம உண்டு, நி இல்லை, எஃப்பின் ஆள். பி டிமினிஷ்ட் நி ரி ம: இது ஜி7-இல் ப-வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, சந்தேகமே இல்லாமல் டாமினன்ட். ஏ மைனர் த ச க: ம-வும் இல்லை, நி-யும் இல்லை, சி-யோடு இரண்டு சுரம் பொது, ஆகவே டானிக் பக்கம்.

திரையில்: Am – Dm – Bdim – C

நடைமுறையில் பார்ப்போம். மெலடி பாருக்கு ஒரு சுரம்: க, த, ரி, ச. முதலில் சி எஃப் ஜி சி வைத்து வாசிக்கிறேன். இப்போது மெலடியைத் தொடாமல் முதல் மூன்று கார்டையும் மாற்றுகிறேன், சி-க்கு ஏ மைனர், எஃப்புக்கு டி மைனர், ஜி-க்கு பி டிமினிஷ்ட். நிறம் மாறிவிட்டது, கொஞ்சம் இருட்டாகக்கூட இருக்கிறது, ஆனால் எங்கே விலகியது, எங்கே இழுத்தது, எங்கே உட்கார்ந்தது என்பது அப்படியே இருக்கிறது. ஒரே வேலை செய்யும் கார்டுகளை மாற்றிப் போடலாம் என்பதற்கு இதுதான் அர்த்தம். மெலடியில் நிற்கும் சுரம் புதுக் கார்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மோதுகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

கடைசி சி-யையும் ஏ மைனர் ஆக்கலாமா?

கீபோர்டில்: சி, எஃப், ஜி, ஏ மைனர்.

நி கேட்டது கிடைத்துவிட்டது, ச-வுக்குப் போய்விட்டது. ஆனால் பேஸ், அதாவது கீழே ஒலிக்கிற சுரம், ச-வுக்கு வராமல் த-வுக்கு நழுவிவிட்டது. பாதி நிம்மதி. பாட்டை இன்னும் நாலு பார் நீட்ட வேண்டுமென்றால் இதைவிட மலிவான வழி கிடையாது.

ஈ மைனரை வேண்டுமென்றே விட்டு வைத்தேன், க ப நி. சி-யோடும் இரண்டு சுரம் பொது, ஜி-யோடும் இரண்டு பொது, நி வேறு இருக்கிறது. பல அட்டவணைகள் இதை டானிக் கட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடும், அதை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. அந்த நி எங்கே போகிறது என்று பாருங்கள். சி, ஈ மைனர், எஃப் என்று வாசித்தால் மேலே ச, நி, த என்று இறங்கி வரலாம், நி ச-வை நோக்கி ஏறவே இல்லை, அதனால் இழுப்பும் இல்லை. இங்கே ஈ மைனர், சி-யின் நீட்சிதான்.

இன்னும் வேடிக்கையானது, சி கார்டே டாமினன்ட் ஆகிற இடம்.

திரையில்: F – C/G – G – C

இரண்டாவது கார்டில் இருப்பது அதே ச க ப, ஆனால் பேஸில் ப. மொசார்ட் காலத்து இசையில் ஒரு பகுதி முடியப்போகும்போது இதை அடிக்கடி கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், ஓய்வு கிடைக்கிறதா? இல்லை. பேஸ் ப-விலேயே நிற்க, மேலே ச நி-க்கும் க ரி-க்கும் இறங்கக் காத்திருக்கின்றன, இறங்கினால் அது ஜி. சுரங்கள் டானிக்குடையவை, வேலை டாமினன்ட்டுடையது. ஆகவே கார்டின் பெயரைப் பார்த்து வேலையைச் சொல்லிவிட முடியாது, முன்னால் என்ன வந்தது, பேஸில் என்ன, அடுத்து எங்கே போகிறது எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

மைனர் கீயிலும் இதே கணக்குதான், ஒரு சின்னத் திருத்தத்தோடு. ஏ மைனர் கீயில் இயல்பாகக் கிடைக்கிற ஈ மைனர் கார்டில் ஜி சுரம் இருக்கிறது, அது ஏ-வுக்கு ஒரு முழுச்சுரம் கீழே, இழுப்பு போதாது. அதனால் அந்த ஜி-யை ஜி ஷார்ப்பாக உயர்த்தி ஈ மேஜர் ஆக்குகிறார்கள்.

சரி, இந்த மூன்று வேலையும் எல்லா இசைக்கும் பொருந்துமா? பொருந்தாது. டானிக், சப்டாமினன்ட், டாமினன்ட், டானிக் என்ற ஓட்டம் ஐரோப்பிய கிளாசிக்கலில் கிட்டத்தட்ட விதி, ஜி-யிலிருந்து எஃப்புக்குத் திரும்புவதை அங்கே தவிர்ப்பார்கள். அமெரிக்காவில் பிறந்த ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் 12 பார் வடிவத்தில் 9-ஆவது பாரில் ஜி, 10-ஆவதில் எஃப், 11-இல் சி.

கீபோர்டில்: ஜி7, எஃப்7, சி7, ஷஃபிள் தாளத்தில்.

இழுப்பு வந்து, தீராமலே தளர்ந்து, அப்புறம் சி வருகிறது. அந்தச் சி-யும் வெறும் சி அல்ல, பெரும்பாலும் சி7. ஜி7-க்குள் இருந்த அதே ஆறு அரைச்சுர இடைவெளி இதற்குள்ளும் இருக்கிறது, ஈ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவே. ப்ளூஸில் பாட்டு அதிலேயே முடியும், அது தீரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை.